நார்மர் முதல் எட்ஃபு வரை: எகிப்திய உருவங்கள் ஏன் மாறவே இல்லை?

கயல்_தென்காசி

வணக்கம். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று நார்மர் பலகை, ஏறக்குறைய கி.மு. 3100. அரசன் ஒரு கையால் எதிரியின் முடியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் தண்டாயுதத்தை ஓங்கி நிற்கிறான். இன்னொன்று எட்ஃபு கோயிலின் முகப்புச் சுவர். அங்கே 12-ஆம் தாலமி எதிரிகளை அடிக்கிறான், அது கி.மு. முதல் நூற்றாண்டு. இடையில் மூவாயிரம் ஆண்டுகள். ஆனால் அதே நிலை, அதே ஓங்கிய கை, பக்கவாட்டு முகத்தில் முன்னோக்கிய அதே கண். அரசன் பெரிதாக, எதிரி சின்னதாக.

வேறு எந்த நாட்டுக் கலையிலும் இவ்வளவு நீண்ட தொடர்ச்சியை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு வேறு மாதிரி வரையத் தெரியாதா, அல்லது வரையக் கூடாது என்று இருந்ததா? உடம்பின் அளவுகளுக்கு ஒரு கட்டக் கணக்கு இருந்தது என்று படித்தேன். அதுதான் காரணமா?

பாண்டியன்77

கட்டம்தாங்க காரணம். உள்ளங்காலிலிருந்து தலை வரை 18 கட்டம், இது எகிப்தில் எல்லாக் காலத்துக்கும் ஒரே விதி. பூசாரிகள் கையில் கலை இருந்தது, மீற முடியாது. பிளேட்டோவே எழுதியிருக்கிறார், எகிப்தியர்கள் கோயில்களில் மாதிரிகளை வைத்துவிட்டுப் புதிதாக எதையும் செய்யத் தடை போட்டிருந்தார்கள், பத்தாயிரம் ஆண்டுகளாக மாறவில்லை என்று. அளவு விஷயமும் எளிது. யார் பெரியவரோ அவர் பெரிய உருவம். அவ்வளவுதான்.

சித்திரசாலை

கயல், நல்ல கேள்வி. பல ஆண்டுகளாகக் கல்லூரியில் கலை வரலாறு நடத்துகிறேன், மாணவர்கள் தவறாமல் கேட்பது இது. பாண்டியன் சார் சொன்னதில் பாதி சரி. மீதியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

18 கட்டம் உண்மை. ஆனால் அது தலை உச்சி வரை இல்லை, நெற்றியில் முடி தொடங்கும் கோடு வரை. உச்சியில் கிரீடமோ பொய்முடியோ வரும், அதன் உயரம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் நிலையான ஓர் இடத்தை எடுத்துக்கொண்டார்கள். நிற்கும் ஆணுக்கு முழங்கால் 6-ஆம் கோட்டில், பிட்டத்தின் அடி 9-இல், முழங்கை 12-ஐ ஒட்டி, கழுத்து தோளைச் சேரும் இடம் 16-இல், முடிக்கோடு 18-இல். மூடிய கைமுட்டியின் அகலம் ஏறக்குறைய ஒரு கட்டம். உட்கார்ந்த உருவத்துக்கு 14 கட்டம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுண்ணம் பூசிய ஒரு மரப்பலகை இருக்கிறது, அதில் சிவப்புக் கட்டங்களின் மேல் மூன்றாம் துட்மோஸ் உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் இந்தக் கட்டம் நார்மர் காலத்தில் இல்லை. பழைய அரசுக் காலக் கல்லறைகளில், சக்காரா பக்கம் 5, 6-ஆம் வம்சங்களில், கிடைப்பது கட்டமே இல்லை. உடம்பின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு, குறுக்கே சில கோடுகள். முழங்காலுக்கு ஒன்று, பிட்டத்தின் அடிக்கு ஒன்று, முழங்கைக்கு, அக்குளுக்கு, தோளுக்கு, முடிக்கு ஒவ்வொன்று. முழுக் கட்டம் உறுதியாகத் தெரிவது 12-ஆம் வம்சத்திலிருந்து. கோடுகளின் உயரத்தைப் பாருங்கள். முழங்கால் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, பிட்டம் பாதி, முழங்கை மூன்றில் இரண்டு பங்கு. பிறகு வந்த 18-இல் 6, 9, 12 என்பது அதே பங்குகள்தான்! ஆக விகிதம் முதலில் வந்தது, கட்டம் அதைப் பிடித்து வைக்கப் பின்னால் வந்தது. நார்மருக்கும் எட்ஃபுவுக்கும் இடையிலான ஒற்றுமைக்குக் கட்டத்தைக் காரணம் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

பிளேட்டோ சொன்னது ஒரு வெளிநாட்டவரின் வியப்பு. அப்படி ஒரு தடைச் சட்டம் எழுதிய எகிப்திய ஏடு எதுவும் கிடைக்கவில்லை.

"தெரியாதா" என்ற கேள்விக்கு: நன்றாகவே தெரியும். தேர் எல் மதீனாவில் அரச கல்லறைகளை வரைந்த தொழிலாளர்கள் ஓய்வில் சுண்ணக்கல் சில்லுகளில் கிறுக்கியவை நிறையக் கிடைத்திருக்கின்றன. டூரின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்றில் ஒரு நடனப் பெண் பின்னால் வில்லாக வளைந்து கைகளை ஊன்றியிருக்கிறாள், கூந்தல் தரையில் புரள்கிறது. நெபமுன் கல்லறை விருந்தில் இசைக்கும் பெண்களில் சிலர் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். யாருடைய உருவம், எதற்கான உருவம் என்பதைப் பொறுத்து விதி இறுகும், தளரும். கல்லறைக்கு உரியவருக்கு இறுக்கம். ஓரத்தில் மாடு பிடிப்பவனுக்கு அவ்வளவு இல்லை.

முருகேசு ஓவியர்

இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பள்ளிச் சுவரில் எகிப்து அரசன் ஒன்று வரையச் சொல்லியிருக்கிறார்கள். நான் பேனர், சுவர் விளம்பரம் என்று வரைந்து வந்தவன். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, சுவரில் பெரிய கட்டம் போட்டு மாற்றுவது எனக்குப் பழக்கம்தான். இந்த 18 கட்டமும் அதுதானே? படம் கைவசம் இல்லாததால் நேரடியாக 18 கட்டம் போட்டு வரைந்தேன். கிரீட உச்சியிலிருந்து பாதம் வரை 6 அடி, கட்டத்துக்கு 4 அங்குலம். ஆனால் உருவம் ஒட்டவில்லை. காலெல்லாம் நீளமாக, உடம்பு அமுங்கி, ஏதோ கொக்கு மாதிரி நிற்கிறது. கட்டம் சரிதான், எங்கே போனது?

சித்திரசாலை

முருகேசு அண்ணே, குறுக்கீடே இல்லை, நீங்கள் கேட்டது இந்த இழையின் நடுவிஷயம்.

நீங்கள் சொல்லும் கட்டம் பெரிதாக்கும் கட்டம். எந்தப் படத்தின் மேலும் போடலாம், கோடு எங்கே விழுந்தாலும் கவலை இல்லை. எகிப்தியக் கட்டம் உடம்போடு கட்டியது. 6-ஆம் கோடு என்றால் முழங்கால், அது மாறாது. கையில் மூலப்படம் இல்லாமலே சரியான ஆளை நிறுத்த அது உதவியது.

உங்கள் உருவத்தில் நடந்தது இது. கிரீட உச்சியை 18 ஆக்கிவிட்டீர்கள். கிரீடம் 4 கட்டம் என்று வைத்துக்கொண்டால் முடிக்கோடு 14-இல் வந்துவிட்டது. முழங்காலை மட்டும் 6-இலேயே வைத்தீர்கள். 14-இல் 6 என்றால் உயரத்தில் 43 சதவீதத்தில் முழங்கால், 33-இல் இருக்க வேண்டியது. அதனால்தான் கால் நீண்டது.

இப்படிச் செய்யுங்கள். முதலில் முடிக்கோட்டின் உயரத்தை முடிவு செய்யுங்கள். 54 அங்குலம் என்றால் கட்டத்துக்கு 3 அங்குலம். முழங்கால் 18 அங்குலத்தில், பிட்டத்தின் அடி 27, முழங்கை 36, தோள் 48. மேலே மிச்சமுள்ள 18 அங்குலம் கிரீடத்துக்கு. தோளின் அகலம் 6 கட்டம், அதாவது 18 அங்குலம். நாம் இயல்பாகப் போடுவதைவிட அகலமாகத் தோன்றும், பயப்படாதீர்கள், தோளை முன்பக்கமாக விரித்துக் காட்டுவதால் அப்படி. இடுப்பு இரண்டரைக் கட்டத்துக்குள் ஒடுங்கட்டும்.

அப்புறம் பாதம். இரண்டு பாதத்தையும் உள்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் வரையுங்கள். இரண்டிலும் பெருவிரல் மட்டும் தெரியும், இரண்டிலும் வளைவு தெரியும். 18-ஆம் வம்சத்தில்தான் அருகிலுள்ள பாதத்தில் எல்லா விரல்களையும் காட்டத் தொடங்கினார்கள், அதுவும் எப்போதாவது.

கோடு போட அவர்களும் செங்காவியில் நனைத்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினார்கள். சில சுவர்களில் நூல் தெறித்த சிவப்புப் பொட்டுகள் இன்னும் தெரியும்.

முருகேசு ஓவியர்

நூல் அடிப்பது நமக்குத் தெரிந்த வேலை. சரி, சுண்ணாம்பு அடித்து மூடிவிட்டு மறுபடி தொடங்குகிறேன். பக்கத்தில் ராணியும் வேண்டும் என்கிறார்கள், அதற்கு வேறு கட்டமா?

சித்திரசாலை

அதே 18, ஆனால் சின்னக் கட்டம். ராணியின் முடிக்கோடு 45 அங்குலம் என்றால் கட்டம் இரண்டரை அங்குலம், முழங்கால் 15-இல். அரசனின் கட்டத்திலேயே ராணியை வரையாதீர்கள், கோடுகள் எங்கும் பொருந்தா. தோள் 5 கட்டம் போதும், இடுப்பின் பின்வளைவு ஆணைவிடக் கொஞ்சம் மேலே.

பாண்டியன்77

மேடம், பழைய அரசுக் காலத்தில் கட்டம் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் ஏதோ ஒரு விதி அவர்களைப் பிடித்து வைத்திருந்தது அல்லவா? கோடு, கட்டம், பெயர் எதுவாக இருந்தாலும் சரி. மனிதர்கள் தாமாகவே மூவாயிரம் ஆண்டு ஒரே மாதிரி வரைய மாட்டார்கள்.

சித்திரசாலை

தாமாக வரையவில்லை, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். எது பிடித்து வைத்தது என்று அறிய ஒரு வழி, பிடி விட்ட காலத்தைப் பார்ப்பது. அப்படி ஒரு காலம் இருக்கிறது.

6-ஆம் வம்சத்துக்குப் பிறகு மெம்ஃபிஸ் அரசவை தளர்ந்தது. ஒவ்வொரு பகுதியிலும் உள்ளூர்த் தலைவர்கள். அந்தக் காலத்துக் கல்லறைகளில் தெற்கே மோஅல்லாவில் அங்க்திஃபி என்பவருடையது இருக்கிறது. சுவரில் உருவங்கள் ஒல்லியாக நீண்டு, கண்கள் பெரிதாக, இடுப்பு மேலே ஏறி, வரிசைகள் ஒழுங்கில்லாமல் நிற்கின்றன. நம்பிக்கைகள் அப்படியே இருந்தன. பூசாரிகளும் இருந்தார்கள். பக்கவாட்டு முகம், முன்பக்கத் தோள், பெரியவர் பெரிதாக என்ற பழக்கங்களும் நீடித்தன. போனது விகிதம் மட்டும். ஏனென்றால் அதைக் கையோடு கையாகக் கற்றுக்கொடுத்த அரசவைப் பட்டறை இல்லை.

பிறகு இரண்டாம் மென்டுஹோடெப் நாட்டை ஒன்றாக்குகிறான், ஏறக்குறைய கி.மு. 2000-ஐ ஒட்டி. தேர் எல் பஹ்ரியில் அவன் கட்டியதைப் பார்த்தால் முதலில் செய்தவை விறைப்பாக, தீப்ஸ் ஊர்ப் பாணியில் இருக்கின்றன. பிந்தியவை பழைய மெம்ஃபிஸ் அளவுகளுக்குத் திரும்பிவிடுகின்றன. ஒரே அரசனின் ஆட்சிக்குள் இந்த மாற்றம்! அவன் காலத்துக் கலைஞன் இர்டிசென் வைத்த நினைவுக்கல் லூவரில் இருக்கிறது. ஆண் உருவத்தின் நடை, பெண் உருவத்தின் நிலை, ஓங்கிய கை எல்லாம் எனக்குத் தெரியும், இதை என்னையும் என் மூத்த மகனையும் தவிர வேறு யாரும் அறியார் என்ற பொருளில் அதில் சொல்கிறான். தொழில் ரகசியமாக, தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன அறிவு இது.

வேலை நடந்த முறையும் இதற்குத் துணை. ஹோரெம்ஹெப்பின் கல்லறை முடிக்கப்படாமல் நின்றுபோனது. அங்கே ஒரு சுவரில் சிவப்புக் கோட்டில் முதல் வரைவு, அதன் மேல் கறுப்பில் திருத்தம், பக்கத்தில் பாதி செதுக்கியது. ஒருவர் வரைய, மூத்தவர் திருத்த, இன்னொருவர் செதுக்க, வேறொருவர் வண்ணம் பூசுகிறார். இத்தனை கைகள் ஓர் உருவத்தில் சேர வேண்டுமென்றால் எல்லோருக்கும் பொதுவான அளவு இருந்தாக வேண்டும்.

ஏன் மாற்ற விரும்பவில்லை என்பது வேறு கேள்வி. கல்லறை உருவம் பார்ப்பதற்கான படம் என்பதைவிட இறந்தவர் தங்கி உணவு பெறும் உடம்பு. அதனால் ஒவ்வோர் உறுப்பும் எந்தப் பக்கத்திலிருந்து முழுமையாகத் தெரியுமோ அந்தப் பக்கத்திலிருந்து காட்டப்பட்டது. கண் முன்னிருந்து, மூக்கு பக்கத்திலிருந்து, தோள் முன்னிருந்து. அந்த வேலையை ஒரு வடிவம் செய்துகொண்டிருக்கும்போது அதை விட்டு விலகக் காரணம் வேண்டும்.

கயல்_தென்காசி

இது நான் எதிர்பார்க்காத விடை. அளவு பற்றியும் கேட்கிறேன். பெரியவர் பெரிதாக என்பது எல்லா இடத்திலும் பொருந்துகிறதா? சக்காராவில் டி என்பவரின் கல்லறையில் நீர்யானை வேட்டைக் காட்சி பார்த்தேன். டி படகில் பெரிதாக, அசையாமல் நிற்கிறார், ஈட்டி எறிவதெல்லாம் சின்ன உருவத்து வேலையாட்கள். அது பொருந்துகிறது. ஆனால் அபு சிம்பெல் குழப்புகிறது.

பாண்டியன்77

அபு சிம்பெல்லில் என்ன குழப்பம்? ராம்செஸ் 20 மீட்டர், நெஃபெர்டாரியும் பிள்ளைகளும் அவன் முழங்காலுக்குக் கீழே. விதிக்கு இதைவிட நல்ல சான்று ஏது?

கயல்_தென்காசி

நீங்கள் சொல்வது பெரிய கோயில். பக்கத்திலிருக்கும் சின்னக் கோயிலின் முகப்பில் ஆறு நிற்கும் சிலைகள், நான்கு ராம்செஸ், இரண்டு நெஃபெர்டாரி. அங்கே ராணி அரசனின் உயரமே இருக்கிறாள். அதே அரசன், அதே ராணி, நடந்தே போகும் தூரம்.

சித்திரசாலை

கயல் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். அளவு ஒருவரின் நிலையான மதிப்பெண் அல்ல. அந்த இடத்தில் அவர் எந்த நிலையில் நிற்கிறார் என்பதைக் காட்டுகிறது. சின்னக் கோயில் ஹாத்தோருக்கும் நெஃபெர்டாரிக்கும் எடுத்தது, அங்கே அவள் தேவியோடு சேர்த்து எண்ணப்படுகிறாள். பாஸ்டனில் இருக்கும் மென்கௌரே அரசனின் சிலையிலும் பக்கத்தில் நிற்கும் பெண் ஏறக்குறைய அவன் உயரம். அரசனும் கடவுளும் எதிரெதிரே நிற்கும் கோயில் சுவர்களிலும் பெரும்பாலும் ஒரே உயரம்.

கட்டத்தால் மட்டுமே புரியும் ஒரு நுணுக்கம் உண்டு. உட்கார்ந்த கணவன், பக்கத்தில் நிற்கும் மனைவி, இருவர் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கும் காட்சிகள் ஏராளம். சமமாக வரைந்திருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் உட்கார்ந்தவருக்கு 14 கட்டம், நிற்பவருக்கு 18. ஒரே உயரம் என்றால் அவர் கட்டம் பெரியது. 70 அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் அவருடைய கட்டம் 5 அங்குலம், அவளுடையது 4-க்கும் குறைவு. அவர் எழுந்து நின்றால் 90 அங்குலம்! பெரியவர் என்பதைச் சொல்லியாயிற்று, வரிசையின் மேல்கோடும் கெடவில்லை. இதைக் கண்டுபிடிக்க இருவரின் கைமுட்டி அகலத்தையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

இளவேனில்

நான் செவிலியர். இந்த விகிதப் பேச்சில் யாரும் அரசன் அக்கெனதெனைச் சொல்லவில்லையே? நீண்ட முகம், ஒல்லிக் கை, பெருத்த தொடை, தொங்கும் வயிறு. எங்கள் வார்டில் மார்ஃபன் நோயுள்ள ஒருவரைப் பார்த்தபோது எனக்கு இந்தச் சிலைகள்தான் நினைவுக்கு வந்தன. அவருக்கு நோய் இருந்தது, கலைஞர்கள் உண்மையை வரைந்தார்கள் என்பது என் எண்ணம்.

சித்திரசாலை

இளவேனில், நோய் என்ற கருத்து பழையது, இன்னும் பேசப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவன் தலைநகரான அமர்னாவில் அரசன் மட்டுமா அப்படி? நெஃபெர்டிட்டி, மகள்கள், அரசு அலுவலர்கள், எல்லோரும் அதே உடம்பு. எல்லோருக்கும் ஒரே நோய் இருக்க முடியாது.

இதிலும் கட்டம் உதவுகிறது. ஆய்வாளர் கேய் ராபின்ஸ் அளந்து காட்டியது, அங்கே முடிக்கோடு வரை 18 இல்லை, 20. கூடுதலான இரண்டும் உடம்பின் மேல்பாதியில்: ஒன்று முகம், கழுத்துப் பகுதியில், ஒன்று உடலில். முழங்கால் அதே 6-இல் நின்றால் மூன்றில் ஒரு பங்காக இருந்த கால் 30 சதவீதமாகிவிடுகிறது. முகமும் உடலும் நீள்வதும் கால் குட்டையாவதும் அதனால்தான். இது திட்டமிட்ட புதுக் கணக்கு. தீப்ஸில் ராமோஸ் என்ற அமைச்சரின் கல்லறையில் ஒரு சுவரில் பழைய பாணி, இன்னொரு சுவரில் இந்தப் புதிய பாணி. சில ஆண்டுகளுக்குள் பட்டறைகள் மாறிக்கொண்டன என்பதற்கு அது சான்று.

பாண்டியன் சார், உங்கள் பூசாரித் தடைக்கு நான் தயங்குவதும் இதனால்தான். அரசன் சொன்னதும் மாறியது, அடுத்தவர்கள் வந்ததும் திரும்பியது.

இளவேனில்

எல்லோரையும் அரசனைப் போல வரைவதுதானே வழக்கம் என்று நீங்களே சொல்வீர்கள்? அப்படியானால் மற்றவர்களுக்கு அந்த உடம்பு வந்தது அரசனின் உடம்பைப் பார்த்துத்தான் என்று நான் சொல்லலாமே. 20 கட்டம் என்பது எப்படி வரைந்தார்கள் என்பதைச் சொல்கிறது, எதைப் பார்த்து என்பதைச் சொல்லவில்லை.

சித்திரசாலை

நியாயமான மறுப்பு. அரசர்களின் பள்ளத்தாக்கில் 55-ஆம் கல்லறையில் கிடைத்த எலும்புகளில் அப்படிப்பட்ட உடலமைப்பு தெரியவில்லை என்பதை நான் பதிலாக வைப்பேன். ஆனால் அவை அவருடையவைதானா என்பதிலேயே இன்னும் தகராறு இருப்பதால் அதை வைத்து உங்களை மடக்க மாட்டேன்.

முருகேசு ஓவியர்

முடிக்கோடு 54 வைத்து மறுபடி போட்டேன், ஆள் நின்றுவிட்டான். நன்றி தங்கச்சி. ஒரு சந்தேகம். நண்பர் ஒருவர் கோயில் சுவர்ப் படம் ஒன்று அனுப்பினார், கட்டக் கோடு அச்சில் தெரிகிறது. எண்ணினால் கண் இமை வரையே 21 வருகிறது. இது தவறான படமா?

சித்திரசாலை

தவறில்லை அண்ணே, பிந்தைய காலத்துப் படம். 25, 26-ஆம் வம்சங்களை ஒட்டி கணக்கு மாறியது, மேல் இமை வரை 21. எரிக் ஐவர்சன் 1955-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார், முழ அளவை மாறியது, உடம்பின் விகிதம் அப்படியே இருந்தது என்று. ராபின்ஸ் அதை மறுத்தார். கட்டத்தை மட்டும் பார்த்தால் பழைய 5 கட்டம் புதிய 6 கட்டம். பழைய முறையில் மேல் இமை 17½-இல் வரும், அதை 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் சரியாக 21. பழைய முழங்கால் 6, புதிதில் 7.2 வர வேண்டும், 7-ஆம் கோட்டில் வைத்தார்கள். பழைய தோள் 16 இங்கே 19.2, வைத்தது 19-இல். இந்தச் சின்ன நழுவல்கள் சேர்ந்து உருவத்தில் தெரியும்.

அந்தக் காலத்தில் பழையதைத் தேடிப் போய்ப் பார்த்தும் வரைந்தார்கள். தீப்ஸில் மென்டுவெம்ஹாட்டின் கல்லறையில் ஒரு பெண் இன்னொருத்தியின் காலில் முள் எடுக்கும் காட்சி உண்டு. ஏறக்குறைய 700 ஆண்டு பழமையான மென்னாவின் கல்லறையிலிருந்து எடுத்தது அது. நடுவில் இத்தனை காலம் ஓடியிருந்தும் படத்தில் ஓடாததுபோல் தோன்றும். கயல் கேட்ட தொடர்ச்சியில் ஒரு பகுதி இப்படி வேண்டுமென்றே திரும்பிப் போனதால் வந்தது.

பாண்டியன்77

21 என்றதும் நினைவு வந்தது. கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார், எகிப்தியர் உடம்பை 21¼ பங்காகப் பிரிப்பார்கள் என்று. டெலக்ளீஸ், தியோடோரஸ் என்ற இரண்டு கிரேக்கச் சிற்பிகள் அப்பல்லோ சிலையின் ஆளுக்கொரு பாதியை வேறு வேறு ஊரில் இருந்துகொண்டு செய்தார்களாம், சேர்த்தபோது அச்சாகப் பொருந்தியதாம். அப்படியானால் நியூயார்க்கில் இருக்கும் கிரேக்க இளைஞன் சிலை, இடது காலை முன்வைத்து நிற்பது, இந்தப் பிந்தைய கட்டத்தில் செய்ததுதானே?

சித்திரசாலை

அந்தச் சிலையின் அளவுகள் 21 கட்டத்தோடு நெருங்குகின்றன என்று அளந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அதே காலத்து வேறு கிரேக்கச் சிலைகள் பல அந்தக் கணக்குக்கு வருவதில்லை. டியோடோரஸின் கால் பங்கு எங்கிருந்து வந்தது, இமைக்கு மேலே எதை அளந்தார்கள் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. உங்களிடம் அந்தச் சிலையின் நேர்முகப் படம் நல்ல தெளிவில் இருந்தால் போடுங்கள் சார். பாதம் முதல் மேல் இமை வரை 21 பிரித்து முழங்கால் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்க்கலாம்.

பாண்டியன்77

இருக்கிறது, பக்கவாட்டுப் படமும் சேர்த்துப் போடுகிறேன். அளவுகோல் முருகேசு அண்ணன் கையில் இருக்கட்டும்.